மூன்று பேக்கேஜில் ஒன்று விற்பதற்கு அல்ல: ஒரு கல்யாண ரேட் கார்டை முன்வைத்து

கோவையில் டிசைன், பிரிண்டிங் வேலை செய்கிறேன். அழைப்பிதழ், ஃப்ளெக்ஸ், பில் புக் எல்லாம் உண்டு. ஆனால் வருடம் முழுக்க நிற்காமல் வருவது ரேட் கார்டுதான். கல்யாண ஸ்டுடியோ, ஜிம், பரிசோதனை லேப், வாட்டர் பியூரிஃபையர் சர்வீஸ் என்று யார் வந்தாலும் மூன்று கட்டம் கேட்பார்கள். சில்வர், கோல்டு, பிளாட்டினம். அல்லது பேசிக், ஸ்டாண்டர்டு, பிரீமியம். பெயர்தான் மாறும், உருவம் ஒன்றுதான்.

முதல் தடவை இதைக் கவனித்தது ஒரு ஸ்டுடியோக்காரர் தன்னுடைய பழைய கார்டைத் திருத்தக் கொண்டுவந்தபோது. அதில் இரண்டே பேக்கேஜ். ஒன்று சாதாரணம், இன்னொன்று எல்லாம் சேர்ந்தது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் சாதாரணத்தையே எடுக்கிறார்கள் என்றார். பெரிய பேக்கேஜின் விலையைக் குறைக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். அவர் விலையைத் தொடவே இல்லை. நடுவில் ஒரு கோல்டு போடச் சொன்னார். அதன் விலை பெரியதை ஒட்டியே இருந்தது, ஆனால் பெரியதில் இருக்கும் நல்ல அயிட்டங்கள் எதுவும் அதில் இல்லை. "இதை யாருங்க எடுப்பாங்க?" என்று கேட்டேன். "யாரும் எடுக்க வேண்டாங்க, இருந்தாப் போதும்" என்றார்.

அந்த ஒரு பதிலில் மொத்த விஷயமும் இருக்கிறது. விற்பதற்காக இல்லாமல், பக்கத்தில் இருப்பதை விற்றுக் கொடுப்பதற்காக ஒரு பேக்கேஜ். ஆங்கிலத்தில் டிகாய் என்கிறார்கள். நான் ஒப்புக்கு வைத்த பேக்கேஜ் என்று சொல்லிப் பழகிவிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

அதற்கப்புறம் இதே மாதிரிக் கார்டுகளை நிறையவே அச்சடித்திருக்கிறேன். அதனால் மாமா தன் மகள் கல்யாணத்துக்கு ஸ்டுடியோ பேசப் போகும்போது என்னையும் கூப்பிட்டார். அது நான் கார்டு போட்டுக் கொடுத்த ஸ்டுடியோ இல்லை, வேறொன்று. மேஜையில் வைத்த கார்டைப் பார்த்ததும் உருவம் புரிந்துவிட்டது. அந்த எண்களை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இந்த விஷயம் எண்களை வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

சில்வர் 70,000 ரூபாய். சாயங்கால ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் இரண்டுக்கும் ஒரு போட்டோகிராபர், ஒரு வீடியோகிராபர். முப்பது ஷீட் ஆல்பம் ஒன்று. முழு வீடியோ பென் டிரைவில்.

கோல்டு 1,15,000 ரூபாய். சில்வரில் இருப்பது எல்லாம், கூடவே இரண்டு நிகழ்ச்சிக்கும் ஒரு கேண்டிட் போட்டோகிராபர். ஆல்பம் நாற்பது ஷீட்.

பிளாட்டினம் 1,25,000 ரூபாய். கோல்டில் இருப்பது எல்லாம், கூடவே ட்ரோன், சினிமாட்டிக் வீடியோ, கல்யாணத்துக்குப் பிறகு ஓர் அவுட்டோர் ஷூட், சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க ஒரு சின்ன ஆல்பம்.

மாமா கார்டை ஒரு நிமிடம்தான் பார்த்திருப்பார். "கோல்டுக்குப் போறதுக்கு, இன்னொரு பத்தாயிரம் போட்டாப் பிளாட்டினமே எடுத்துரலாமே மாப்ளே" என்றார். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் மனதில் இருந்த தொகை எண்பதாயிரம். கோல்டு எடுக்கும் யோசனையே அவருக்குக் கிடையாது. எடுக்கவே போகாத ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால், நாற்பத்தைந்தாயிரம் அதிகமான ஒன்று பத்தாயிரம்தான் அதிகம் என்று தெரிந்துவிட்டது.

ஏன் அப்படித் தெரிகிறது? சில்வரையும் பிளாட்டினத்தையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது கஷ்டமான வேலை. ஒரு பக்கம் 55,000 ரூபாய் மிச்சம். இன்னொரு பக்கம் ட்ரோன், சினிமாட்டிக், கேண்டிட் என்று ஒரு குவியல். பணத்தையும் இந்தக் குவியலையும் எந்த அளவுகோலில் அளப்பது? நம் பழைய ஆல்பத்தை நினைக்க வேண்டும், யார் அதைத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும், கடன் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட வேண்டும். ஆனால் கோல்டையும் பிளாட்டினத்தையும் ஒப்பிட ஒன்றுமே யோசிக்க வேண்டியதில்லை. பத்தாயிரத்துக்கு நாலு அயிட்டம். பார்த்த உடனே விடை வந்துவிடுகிறது. மனது சுலபமான கணக்கைப் போட்டுவிட்டு, கஷ்டமான கணக்குக்கும் அதுவே விடை என்று எடுத்துக்கொள்கிறது. மாமா மாதிரி வியாபாரத்தில் இருப்பவருக்கும் இது நடக்கிறது. கவனமாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு எடுத்தோம் என்ற நிறைவுகூட வந்துவிடுகிறது, அதனால் சந்தேகமே எழுவதில்லை.

இது யாரோ ஊகித்துச் சொன்னதல்ல. ஜோயல் ஹூபர், ஜான் பெய்ன், கிறிஸ்டோபர் புட்டோ என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1982-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பீர், கார், ரெஸ்டாரண்ட், டிவி என்று பல பொருள்களை வைத்து மாணவர்களிடம் சோதித்தார்கள். அதுவரை இருந்த கொள்கை சொன்னது இதுதான்: இரண்டு பொருள் இருக்கிற இடத்தில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால், ஏற்கெனவே இருந்த இரண்டின் பங்கும் குறையலாம், இருந்தபடி நிற்கலாம், ஆனால் கூடாது. புதிதாக வந்தது பங்கைப் பிடுங்கத்தானே செய்யும். அவர்கள் சேர்த்த மூன்றாவது பொருள் ஒரு குறிப்பிட்ட ஜாதி. முதலில் இருந்த இரண்டில் ஒன்றைவிட அது எல்லா விதத்திலும் மட்டம், ஆனால் மற்றதைவிட மட்டம் என்று சொல்லிவிட முடியாது. அப்படி ஒன்றைச் சேர்த்தபோது, அதைத் தோற்கடித்த பொருளின் பங்கு கூடியது.

நம் கார்டிலும் இதே அமைப்புதான். பிளாட்டினத்தின் முன்னால் கோல்டு கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் தோற்கிறது. விலையில் மட்டும் பத்தாயிரம் ஜெயிக்கிறது. சில்வரின் முன்னால் அது தோற்கவில்லை, விலை கூட, சரக்கும் கூட. ஒருவரிடம் மட்டும் தோற்கும் ஆளை நடுவில் நிறுத்தினால், ஜெயிப்பவர் பலசாலியாகத் தெரிவார்.

இன்னும் சுத்தமான உதாரணம் தி எகனாமிஸ்ட் பத்திரிகையின் பழைய சந்தா விளம்பரம் ஒன்று. இணையத்தில் மட்டும் படிக்க 59 டாலர். அச்சுப் பிரதி மட்டும் 125 டாலர். அச்சும் இணையமும் சேர்ந்து அதே 125 டாலர். மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் டான் ஏரியலி இதை எம்ஐடி மாணவர்கள் 100 பேரிடம் காட்டினார். 16 பேர் இணையம் மட்டும் போதும் என்றார்கள், 84 பேர் இரண்டும் சேர்ந்ததை எடுத்தார்கள், அச்சு மட்டும் என்பதை ஒருவர்கூடத் தொடவில்லை. ஒருவரும் தொடாத அந்த வரியை எடுத்துவிட்டு மற்ற மாணவர்களிடம் காட்டியபோது 68 பேர் 59 டாலர் சந்தாவுக்குப் போனார்கள், 32 பேர்தான் 125 டாலர் கொடுக்கத் தயாரானார்கள். யாருக்கும் வேண்டாத ஒரு வரி பாதிப் பேருக்கு மேல் மனதை மாற்றியிருக்கிறது.

சரி, ஸ்டுடியோவுக்குத் திரும்புவோம். மாமா பேனாவை எடுக்கும் முன்பு கோல்டு கட்டத்தை என் கையால் மறைத்துக்கொண்டு, "இப்போ இதுல எது மாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்பத்தஞ்சாயிரம் வித்தியாசமா?" என்றார். அந்தக் கேள்விதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நடுக்கட்டத்தை மறைத்தால் அது தானாக வருகிறது. இணையத்தில் பார்ப்பதாக இருந்தாலும் இதைச் செய்யலாம். இரண்டு விலையை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, திரையை மூடிவிட்டுப் பார்த்தால் போதும்.

ஆனால் மறைத்துப் பார்ப்பது பாதி வேலைதான். அதோடு நிறுத்தினால், "சரி, அம்பத்தஞ்சாயிரத்துக்கு இவ்வளவு அயிட்டம் வருதே" என்று மறுபடியும் குவியலைப் பார்த்து மயங்க வாய்ப்பு இருக்கிறது. அடுத்து நான் செய்வது, படிக்குப் படி எவ்வளவு ஏறுகிறது, அந்த ஏற்றத்துக்கு என்ன தருகிறார்கள் என்று தனித்தனியாக எழுதுவது.

சில்வரிலிருந்து கோல்டுக்கு 45,000. அதற்குக் கிடைப்பது ஒரு கேண்டிட் போட்டோகிராபர், பத்து ஷீட். கோல்டிலிருந்து பிளாட்டினத்துக்கு 10,000. அதற்குக் கிடைப்பது ட்ரோன், சினிமாட்டிக், அவுட்டோர் ஷூட், சின்ன ஆல்பம்.

எழுதி வைத்துப் பார்த்தால் இரண்டாவது வரி வினோதமாக இல்லையா? ட்ரோன் ஆபரேட்டருக்கு ஒரு நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். சினிமாட்டிக் வீடியோவுக்குத் தனி கேமராமேன், அப்புறம் எடிட்டர் பல நாள் உட்கார வேண்டும். சின்ன ஆல்பத்துக்கு லேப் பில் உண்டு. பத்தாயிரத்தில் இதில் ஒன்றிரண்டு அடங்கினாலே பெரிது. நஷ்டத்துக்கு யாரும் கடை நடத்துவதில்லை. அப்படியென்றால் அந்தப் பணம் வேறெங்கோ ஏற்கெனவே வாங்கப்பட்டிருக்கிறது. எங்கே? கோல்டின் விலையில். பிளாட்டினத்துக்கு உரிய ஏற்றத்தின் பெரும்பகுதியை முன்கூட்டியே கோல்டின் தலையில் ஏற்றிவிட்டு, கடைசிப் படியை மட்டும் தாழ்வாக வைத்திருக்கிறார்கள். ஒப்புக்கு வைத்த பேக்கேஜின் அடையாளம் இதுதான். கடைசிப் படியின் விலை, அந்தப் படியில் தரும் பொருளின் அடக்கத்துக்கே காணாது.

இது ஊகமா உண்மையா என்பதை அங்கேயே உட்கார்ந்து சோதித்துவிடலாம், அதற்கு ஒரே கேள்வி போதும். நான் கேட்டேன்: "ஏங்க, பத்தாயிரம் கூடக் கொடுத்தா இந்த நாலும் வருதில்லீங்களா? எங்களுக்குக் கேண்டிட் வேண்டாம். சில்வரோட இந்த நாலை மட்டும் சேர்த்து எம்பதாயிரத்துக்குக் குடுத்துருங்க."

ஸ்டுடியோத் தம்பி உடனே தலையாட்டினார். "அது கட்டுப்படியாகாதுங்க சார். சினிமாட்டிக் மட்டும் தனியா எடுத்தாலே இருபதாயிரம் வருமுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. தனித்தனியாக அவர் சொன்ன விலைகள் கோவையில் வழக்கமாகக் கேட்கும் விலைகள்தான். கேண்டிட் ஒரு நிகழ்ச்சிக்கு பதினைந்தாயிரம், சின்ன ஆல்பம் ஐந்தாயிரம், ட்ரோன் ஏழாயிரம், அவுட்டோர் ஷூட் பன்னிரண்டாயிரம். பத்து ஷீட்டுக்கு ஐந்தாயிரம் போட்டு எல்லாவற்றையும் கூட்டினால் எழுபத்தொன்பதாயிரம் வருகிறது. பிளாட்டினத்தில் அது ஐம்பத்தைந்தாயிரத்துக்குக் கிடைக்கிறது. ஆக, இத்தனையும் உண்மையிலேயே வேண்டும் என்கிற வீட்டுக்கு பிளாட்டினம் நல்ல பேரம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒப்புக்கு வைத்த பேக்கேஜைக் கண்டுபிடித்ததுமே பெரிய பேக்கேஜ் மோசடி என்று சிலர் எழுந்து வந்துவிடுகிறார்கள். பெரிய பேக்கேஜில் தப்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது எனக்குத் தேவையா என்று நான் யோசிக்க வேண்டிய இடத்தில், யோசிக்க விடாமல் செய்ததுதான் அந்த நடுக்கட்டத்தின் வேலை.

அதனால் தனி விலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பேசினோம். கல்யாணம் மூடிய மண்டபத்தில், ரிசப்ஷனும் அங்கேயேதான். ட்ரோனுக்கு அங்கே எடுக்க ஒன்றும் இல்லை, மண்டபத்துக் கூரையையும் கார் நிறுத்துமிடத்தையும் தவிர. அவுட்டோர் ஷூட்டுக்கு நேரமே கிடையாது, கல்யாணம் முடிந்த கையோடு பொண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்கு பெங்களூர் போகிறார்கள். சினிமாட்டிக் வேண்டுமா என்று போனில் பொண்ணிடமே கேட்டார் மாமா. முகூர்த்தத்துக்குக் கேண்டிட் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். தாரை வார்க்கும்போது அப்பா முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம், சாதாரண போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்த்து நிற்பார்களே தவிர அது வராது என்றாள். சம்பந்தி வீட்டுக்கு ஆல்பம் கண்டிப்பாக வேண்டும், அது மரியாதை. சில்வர் 70,000, முகூர்த்தத்துக்கு மட்டும் கேண்டிட் 15,000, சின்ன ஆல்பம் 5,000. மொத்தம் 90,000. அவர் நினைத்து வந்ததைவிடப் பத்தாயிரம் கூடத்தான். ஆனால் அந்தப் பத்தாயிரம் எதற்குப் போகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கடைசிப் படிச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. படி தாழ்வாக இருக்கிற இடமெல்லாம் ஒப்புக்கு வைத்த விலை என்று முடிவுகட்டக் கூடாது. தியேட்டரில் நடு அளவுக்கும் பெரிய அளவுக்கும் பாப்கார்ன் விலை கொஞ்சம்தான் மாறும். அங்கே கூடுதலாகப் போடும் சோளத்துக்கு உண்மையிலேயே செலவு சொற்பம், கவுண்டர் வாடகையும் ஆள் சம்பளமும் எந்த அளவுக்கும் ஒன்றுதான். பிராட்பேண்டில் 100-லிருந்து 150 எம்பிபிஎஸ் போவதும் அப்படித்தான், வயர் அதேதான். இப்படிப்பட்ட பொருள்களில் கடைசிப் படி தாழ்வாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நடுக்கட்டத்தை மறைத்துப் பார்க்கும் சோதனை மட்டும்தான் அங்கே உதவும். ஆள் உழைப்பு, தனிப் பொருள், தனி நேரம் செலவாகும் சேவைகளில்தான் கடைசிப் படிச் சோதனை நன்றாகப் பேசும். கல்யாண போட்டோ, கேட்டரிங், மேக்கப், இன்டீரியர் வேலை, ஏசி சர்வீஸ் ஒப்பந்தம் எல்லாம் இந்த ரகம்.

மூன்று கட்டத்தில் வேறொரு வித்தையும் இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இதில் நடுவில் இருப்பதுதான் விற்க வேண்டிய சரக்கு, ஒப்புக்கு இருப்பது உச்சியில். முழு உடல் பரிசோதனைக் கார்டுகளில் இதை அதிகம் பார்க்கிறேன். 999, 2,499, 6,999 என்று மூன்று போடுவார்கள். 6,999-இல் சாதாரணமாக நடந்து வருகிற ஆளுக்கு டாக்டர் எழுதித் தராத டெஸ்ட்டுகள் வரிசையாக இருக்கும். யாரும் அதை எடுப்பதில்லை. ஆனால் அது இருக்கும்போது 2,499 நடுத்தரமாக, நியாயமாகத் தெரிகிறது. ரொம்ப மட்டமும் வேண்டாம், ரொம்ப ஆடம்பரமும் வேண்டாம் என்று நடுவில் கை வைப்பது நம் சுபாவம்.

இதமார் சைமன்சனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கேமராவை வைத்துக் காட்டினார்கள். 170 டாலர், 240 டாலர் என்று இரண்டு கேமராவைக் காட்டியபோது ஆளுக்குப் பாதியாகப் பிரிந்தார்கள். 470 டாலருக்கு இன்னொன்றைச் சேர்த்தபோது 57 சதவீதம் பேர் 240 டாலர் கேமராவை எடுத்தார்கள். 170 டாலர் கேமராவுக்கு 22 சதவீதம்தான் மிஞ்சியது. இங்கே நடுவில் இருப்பது எதனிடமும் தோற்கவில்லை, அதனால் கடைசிப் படியை அளந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இதில் மறைக்க வேண்டியது உச்சிக் கட்டத்தை. அப்புறம் 999-க்கும் 2,499-க்கும் நடுவில் எந்த டெஸ்ட் எல்லாம் கூடுகிறது, அவை எனக்கு வேண்டுமா என்று நம் டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிடலாம்.

இந்தத் தந்திரம் எல்லா இடத்திலும் எல்லோரிடமும் வேலை செய்யும் என்று நினைத்தால் அதுவும் சரியல்ல. 2014-இல் ஷேன் ஃப்ரெடரிக், லியோனார்ட் லீ, எர்னஸ்ட் பாஸ்கின் மூவரும் இதைப் பலவிதமாகச் சோதித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். தரமும் விலையும் வெறும் எண்களாகக் கொடுத்தால் இந்த விளைவு தெளிவாக வருகிறது. அதே பொருளைப் படமாகக் காட்டினாலோ, சுவைத்துப் பார்க்கக் கொடுத்தாலோ பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. வாங்குபவருக்கு இது பெரிய உதவி என்று நினைக்கிறேன். கார்டில் "சினிமாட்டிக் - ஆம்", "கேண்டிட் - ஆம்" என்று டிக் அடித்திருப்பதைப் பார்க்கும்வரை நாம் டிக்குகளை எண்ணிக்கொண்டிருப்போம். பிளாட்டினத்துக்கு பதினொரு டிக், கோல்டுக்கு ஏழு டிக் என்று. கார்டை ஓரமாக வைத்துவிட்டு, சில்வர் பேக்கேஜில் எடுத்த ஏதாவது ஒரு கல்யாண ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி ஷீட் வரை காட்டச் சொல்ல வேண்டும். ஸ்டுடியோவில் டேபிள் மேல் கிடப்பது எப்போதும் பிளாட்டினம் ஆல்பமாகத்தான் இருக்கும், கேட்டால்தான் மற்றதை எடுத்து வருவார்கள். அன்று எங்களுக்கு எடுத்துக் காட்டிய சில்வர் ஆல்பத்தில் குடும்ப போட்டோக்கள் ஒழுங்காக இருந்தன, வெளிச்சம் நன்றாக இருந்தது. ஆனால் முகூர்த்த நேரத்துப் படங்களில் முக்கால்வாசி ஒரே கோணம். கேண்டிட் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பது அதைப் பார்த்த பிறகுதான் மாமாவுக்குத் தெளிவானது. எந்த டிக் பட்டியலும் அதைச் சொல்லியிருக்காது.

ஆன்லைனில் இதே வேலை கொஞ்சம் வேறு உருவத்தில் நடக்கிறது. நடுக்கட்டத்தின் மேல் "ஸ்டாக் இல்லை" என்று எழுதி மங்கலாக விட்டிருப்பார்கள். வாங்கவே முடியாத ஒன்றை எதற்குக் காட்ட வேண்டும்? ஒப்பிடுவதற்கு அதன் விலை கண்ணில் பட்டால் போதும், வாங்க முடிய வேண்டிய அவசியமில்லை. மாத, மூன்று மாத, வருடச் சந்தாக்களிலும் பாருங்கள். மூன்று மாதத்தின் விலை வருடத்தின் விலைக்குப் பக்கத்தில் இருந்தால், விற்க நினைப்பது வருடச் சந்தாவை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, ஏழாவது மாதமும் நான் இந்த ஜிம்முக்குப் போவேனா, இந்த ஆப்பைத் திறப்பேனா என்பதுதான். மூன்று மாத விலைக்கு அந்தக் கேள்வியில் இடமே இல்லை.

இதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கவும் முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் டார்க் பேட்டர்ன்களை, அதாவது ஆன்லைனில் வாங்குபவரைத் திசைதிருப்பும் தந்திரங்களைத் தடுக்க வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசியில் விலையை ஏற்றுவது என்று 13 வகைகளை அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். மூன்று கட்டத்தில் ஒன்றை ஒப்புக்கு வைப்பது அந்தப் பட்டியலில் இல்லை. இருக்கவும் கஷ்டம், ஏனென்றால் கார்டில் எந்த வரியும் பொய் கிடையாது. கோல்டு கேட்டால் கோல்டு தருவார்கள்.

பாக்கெட் பொருள்களில் மட்டும் சட்டம் நம் கணக்கைச் சுலபமாக்கியிருக்கிறது. பாக்கெட்டின் மேல் எம்ஆர்பியோடு யூனிட் விலையையும் அச்சிட வேண்டும் என்று பொட்டலப் பொருள் விதிகளை 2021-இல் திருத்தினார்கள். காபித்தூளோ டிடர்ஜெண்டோ மூன்று அளவில் அடுக்கியிருந்தால், பெரிய எழுத்து விலையை விட்டுவிட்டு இந்தச் சின்ன எழுத்தைப் பார்த்தால் போதும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு இவ்வளவு என்றும், அதற்கு மேலே போனால் கிலோவுக்கு இவ்வளவு என்றும் போட்டிருப்பார்கள். கிராம் விலையை ஆயிரத்தால் பெருக்கிக்கொண்டு ஒப்பிட வேண்டும். 500 கிராம் பாக்கெட்டில் 0.62 என்று இருந்தால் கிலோ 620 ரூபாய். பக்கத்தில் இரண்டு கிலோ பாக்கெட்டில் 490 என்று இருந்தால் பெரியது மலிவுதான். ஆனால் இரண்டு கிலோ காபித்தூள் வாசம் போவதற்குள் உங்கள் வீட்டில் தீருமா என்பது அந்த எண்ணில் இருக்காது.

சேவைகளுக்கு அப்படி யூனிட் விலை கிடையாது. அதனால் இப்போது யாராவது பேக்கேஜ் பேசப் போகிறேன் என்று என்னிடம் யோசனை கேட்டால், கார்டைப் பார்ப்பதற்கு முன்னால் வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்கிறேன். நாலைந்து வரிகள் போதும், எதற்கு வேண்டும் என்பதோடு. அந்தத் தாளைக் கொடுத்து, "இதுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்க வேண்டும். பெரும்பாலான கடைகளில் போட்டுத் தருவார்கள், சீசன் இல்லாத மாதமாக இருந்தால் சந்தோஷமாகவே போட்டுத் தருவார்கள். "எங்ககிட்ட பேக்கேஜ் மட்டும்தாங்க, பிரிச்சுத் தர மாட்டோம்" என்று சிலர் சொல்வார்கள். அப்போது சண்டை போட வேண்டாம், கார்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அதே தாளோடு அடுத்த ஸ்டுடியோவுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு கடையின் சில்வரையும் சில்வரையும் ஒப்பிடுங்கள், ஒரே கடையின் கோல்டையும் பிளாட்டினத்தையும் அல்ல. ஒரு கடையின் மூன்று விலையையும் ஒரே ஆள் உட்கார்ந்து எழுதியிருப்பார். பக்கத்துக் கடையின் விலையை எழுதியது அவர் இல்லை.